அருங்காட்சியகக் கல்வி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பக் கடிதம்: புதிதாகப் பட்டம் முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரெஸ்யூமில் எல்லாமே இருக்கிறதே, கடிதத்தை யாராவது படிக்கிறார்களா?

படிக்கிறார்கள். இந்த வேலைக்குக் கடிதத்தைத்தான் கூர்ந்து படிக்கிறார்கள். நான் ஓர் அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் பல வருடம் இருந்தவள். வந்த விண்ணப்பங்களைச் சலித்து எடுக்கும் வேலையும் என்னிடம் இருந்தது. படிப்பை முடித்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிப்பவர்களின் ரெஸ்யூம்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு பட்டம், ஓர் ஆய்வேடு, ஒன்றிரண்டு பகுதிநேர வேலை, கொஞ்சம் தன்னார்வப் பணி, அவ்வளவுதான். யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்பதற்கு அதில் விடை கிடைக்காது.

கடிதத்தில் நாங்கள் தேடியது ஒரே விஷயம். காலை 10 மணிக்கு 30 பிள்ளைகள் உள்ளே நுழைகிறார்கள். ஒரு மேஜையின் முன்னால் இவரை நம்பி நிறுத்தலாமா? பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பது இவர் கண்ணில் படுமா? பட்டால், தான் செய்வதை அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்வாரா? இதைப் பட்டப் பெயரும் மதிப்பெண்ணும் சொல்லாது. நடந்த ஒன்றை நீங்கள் விவரிக்கும் விதம் சொல்லிவிடும்.

கல்வி உதவியாளர் என்றால் பள்ளி ஆசிரியர் மாதிரி பாடம் எடுக்க வேண்டுமா?

கொஞ்சம் உண்டு, ஆனால் நாளின் பெரும்பகுதி அது இல்லை. இது தெரியாமல் எழுதுவதால்தான் பல கடிதங்கள் வேறு ஏதோ வேலைக்கு எழுதியது போல இருக்கின்றன.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். பள்ளிகள் கூப்பிட்டால் தேதி பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை பேர், என்ன வயது, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை உண்டா, சத்தம் தாங்காத பிள்ளை உண்டா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வருவதற்கு முன் அறையைத் தயார் செய்ய வேண்டும். தொட்டுப் பார்ப்பதற்கென்று தனியாக வைத்திருக்கும் பொருள்கள் பெட்டிகளில் இருக்கும்; அவற்றை எடுத்து வைத்து, முடிந்ததும் எண்ணி, உடைசல் இருந்தால் பதிவேட்டில் எழுதி, திரும்ப வைக்க வேண்டும். செயல்தாள்களை நகலெடுக்க வேண்டும். காட்சிக்கூடத்துக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லாத இடங்களே அதிகம், அதனால் பென்சில்களைச் சீவி வைப்பதும் உங்கள் வேலைதான். நடுவில் கல்வி அலுவலர் ஒரு நிகழ்வை நடத்தும்போது கூட நிற்பீர்கள். சில மாதம் கழித்து நீங்களே தனியாக ஒரு மேஜையை நடத்துவீர்கள். கடைசியில் ஆசிரியர்களிடம் கருத்துப் படிவம் வாங்கித் தொகுக்க வேண்டும்.

அதனால் கடிதத்தில் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்: பிள்ளைகளோடு பொருளை வைத்துப் பேசத் தெரிந்தவர், பெட்டியில் 14 பொருள் போனால் 14 பொருள் திரும்பி வந்ததா என்று பார்ப்பவர். முதல் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு.

முதல் வரியை எப்படித் தொடங்குவது? "சிறு வயது முதலே அருங்காட்சியகங்கள் மீது ஆர்வம்" என்று எழுதியிருக்கிறேன்.

அதை எடுத்துவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் அது உண்மை. ஒரே நாளில் அந்த வரியைப் பத்துக் கடிதத்தில் படித்தவருக்கு, உங்கள் கடிதம் அடுத்த வரியில்தான் தொடங்குகிறது.

முதல் வரியில் எந்தப் பணிக்கு, நீங்கள் யார், கையில் என்ன கொண்டுவருகிறீர்கள் என்பது இருந்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கடிதத்தை இந்தப் பக்கம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறேன். தொல்லியல் பட்டம் முடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. திருத்திய பிறகு அவருடைய தொடக்கம் இப்படி அமைந்தது:

"கல்வி உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். தொல்லியலில் இந்த ஆண்டு பட்டம் பெற்றேன். எங்கள் துறையின் திறந்த நாளில் 32 பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்கும் மேஜை ஒன்றை நடத்தினேன். அந்த ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொண்டதே இந்தப் பணிக்கு என்னை விண்ணப்பிக்க வைத்தது."

அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த பத்தியில் அந்தக் காலைப் பொழுதைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று தெரிகிறது. படிப்பவருக்கும் அதைப் படிக்கத் தோன்றுகிறது.

எனக்கு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த அனுபவமே இல்லை. அப்புறம் எதைத்தான் எழுதுவது?

உதவியாளர் பணிக்குப் பெரும்பாலும் அந்த அனுபவத்தைக் கட்டாயமாக்க மாட்டார்கள். யாருக்காவது எதையாவது கண் முன்னால் வைத்துப் புரியவைத்த ஒரு நேரம் உங்களிடம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள், நூலகத்தில் கதை சொல்லும் நேரத்துக்கு உதவியிருப்பீர்கள், ஜூனியர்களுக்கு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டியிருப்பீர்கள். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொண்டு முழுசாக எழுதுங்கள். கடிதத்தின் நெஞ்சுப் பகுதி இதுதான், அதனால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நான் சொன்ன பெண் முதலில் எழுதியிருந்த பத்தி இது:

"கல்லூரியில் நடைபெற்ற திறந்த நாள் நிகழ்ச்சியில் குழந்தைகளுக்குத் தொல்லியல் பற்றி விளக்கும் அரிய வாய்ப்பு கிடைத்தது. இதன் மூலம் எனது தகவல் தொடர்புத் திறன், குழுவாகச் செயல்படும் திறன் மற்றும் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்."

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும் மனதில் எந்தப் படமும் நிற்கவில்லை. அன்றைக்கு மேஜையில் என்ன வைத்திருந்தார்? பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? நான் அவரிடம் கேட்டேன். "தக்களி வச்சிருந்தேன். முதல் குழு சரியா வரலை. அப்புறம் மாத்திட்டேன்" என்றார். தக்களி என்பது குச்சியில் ஒரு வில்லையைச் செருகிச் சுற்றி நூல் நூற்கும் கைக்கருவி. முதல் குழு சரியாக வரவில்லை என்பதை எழுதக் கூடாது என்று நினைத்து விட்டுவிட்டாராம். உண்மையில் எழுத வேண்டியதே அதுதான்.

பேசிப் பேசி, இரண்டாவது வரைவு இப்படி வந்தது:

"தக்களி மேஜை என் பொறுப்பு. 9, 10 வயதுப் பிள்ளைகள் எட்டு எட்டுப் பேராக நான்கு குழுக்களாக வந்தார்கள். ஒரு குழுவுக்கு 12 நிமிடம். முதல் குழுவிடம் நூல் நூற்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் பொருளைக் கையில் கொடுத்தேன். அதற்குள் பாதிப் பேர் அடுத்த மேஜையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது குழுவிடம் எதுவும் சொல்லாமல் துளையிட்ட சுடுமண் வில்லையைக் கொடுத்து, இது என்னவாக இருக்கும் என்று கேட்டேன். பொத்தான், சக்கரம், மணி என்றார்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதும் ஒரு சிறுமி, 'ஓட்டை சரியா நடுவுல இருக்கு, அப்போ இது சுத்தும்' என்றாள். ஒரு குச்சியைக் கொடுத்தேன். அவளே செருகிச் சுற்றிக் காட்டினாள். அதற்குப் பிறகு நூற்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வாக்கியம். மீதி இரண்டு குழுக்களையும் அந்த வரிசையிலேயே நடத்தினேன்."

இதில் "திறன்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் படிப்பவருக்குப் பல விஷயம் தெரிந்துவிடுகிறது. வயதும் குழுவின் அளவும் நேரமும் இருப்பதால், இவர் பிள்ளைகளைக் கூட்டமாகப் பார்க்காமல் குழுவாகப் பார்க்கிறார் என்று தெரிகிறது. பிள்ளைகளின் கண் எங்கே போனது என்பதைக் கவனித்திருக்கிறார். தவறு பிள்ளைகள் மேல் இல்லை, தான் நடத்திய வரிசையில்தான் என்று உடனே புரிந்துகொண்டார். அடுத்த குழு வருவதற்குள் மாற்றினார். விடையைத் தானே சொல்லிவிடாமல், அதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை அந்தச் சிறுமிக்கு விட்டுக்கொடுத்தார். கல்விப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் மிகவும் பெரியது. தெரிந்ததைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருப்பது, புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கஷ்டமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது கைவந்தவர் என்று தெரிந்தால் அந்த விண்ணப்பத்தைத் தனியாக எடுத்து வைப்போம்.

ஒரு எச்சரிக்கை. இல்லாத சம்பவத்தைக் கற்பனை செய்து எழுதாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே "அந்த மேஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றுதான் வரும். நடந்திருந்தால் பேசப் பேச நினைவு விரியும். நடக்கவில்லை என்றால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். பிள்ளைகளின் பெயரையோ பள்ளியின் பெயரையோ எழுத வேண்டாம், "ஒரு சிறுமி" போதும். பிள்ளைகளைப் பற்றிய விவரத்தில் இவர் கவனமாக இருப்பார் என்பதையும் அது சொல்லாமல் சொல்லிவிடும்.

என் ஆய்வேட்டுக்கு ஒரு வருடம் உழைத்திருக்கிறேன். அதைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

இரண்டு மூன்று வாக்கியம். அதுவும் பிள்ளைகள் பக்கம் திரும்பி நிற்கும் வாக்கியமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் ஆய்வேடு தக்களிகளின் வகைப்பாடு பற்றியது. முதல் வரைவில் தலைப்பை முழுசாக எழுதி, ஆய்வு முறையை விளக்கி, வழிகாட்டிப் பேராசிரியர் பாராட்டியதையும் சேர்த்து அரைப் பக்கத்தை நிரப்பியிருந்தார். காப்பாட்சியருக்கான உதவியாளர் பணி என்றால் அது பொருந்தும். கல்விப் பிரிவில் அதைப் படிப்பவர், "இதை இவர் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வார்?" என்றுதான் யோசிப்பார். அந்தக் கேள்விக்கே பதில் எழுதச் சொன்னேன்:

"ஆய்வேட்டுக்காக 140 தக்களிகளை அளந்து எடை பார்த்தேன். எடை குறைந்தவை மெல்லிய நூலுக்கும் கனமானவை தடித்த நூலுக்கும் ஏற்றவை. இரண்டு வில்லைகளை இரண்டு கைகளில் தூக்கிப் பார்த்தால் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே உணர முடியும். அதற்குப் படிக்கக்கூடத் தேவையில்லை."

140 என்ற எண்ணில் அவருடைய உழைப்பு வந்துவிட்டது. தூக்கிப் பார்ப்பதில் கல்வி வந்துவிட்டது. "படிக்கக்கூடத் தேவையில்லை" என்ற கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளும் பார்வை குறைந்த பிள்ளைகளும் வருவார்கள் என்பதை யோசித்தவர்தான் அப்படி எழுதுவார்.

கல்விக் கோட்பாடுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். பெயர் சொல்லி எழுதலாமா?

நீங்கள் செய்து பார்த்தது என்றால் ஒரு முறை சொல்லலாம். வெறும் பெயருக்காக வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, காட்சிவழிச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டு. உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கியது. நடத்துபவர் மூன்றே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? ஒவ்வொரு பிள்ளை சொன்னதையும் சுட்டிக்காட்டி, வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வார்; சரி, தவறு என்று சொல்ல மாட்டார்.

தக்களி மேஜையைப் பற்றிய பத்தியிலும் "எதைப் பார்த்து" என்ற கேள்வி இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணுக்கு இந்த முறையின் பெயர் அப்போது தெரியாது, தானாகவே கேட்டிருக்கிறார். பெயர் தெரிந்த பிறகு அதைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். படிப்பவருக்குப் பெயர் தெரியும், கேள்வியைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார். மேலும், அந்த முறையைக் கறாராகப் பின்பற்றுகிறவர்கள் தகவலை நடுவில் சேர்க்க மாட்டார்கள். இவர் குச்சியைக் கொடுத்தார், கடைசியில் இரண்டு வாக்கியம் விளக்கமும் சொன்னார். பெயரைப் போட்டிருந்தால் நேர்காணலில் அந்த வேறுபாட்டையும் விளக்க வேண்டியிருக்கும்.

இதே போல, உலக அருங்காட்சியகங்களின் பேரவை 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையைக் கடிதத்தின் தொடக்கத்தில் மேற்கோளாகப் போடுகிறவர்கள் உண்டு. அதில் கல்வி, மகிழ்ச்சி, சிந்தனை, அறிவுப் பகிர்வு எல்லாம் வருகின்றன என்பது சரிதான். ஆனால் அது எங்கள் அலுவலகச் சுவரிலேயே இருந்தது. நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும் என்பதற்கே அந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அருங்காட்சியகத்தைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமா? இணையதளத்தில் இருந்து எடுக்கலாமா?

எழுத வேண்டும். ஆனால் இணையதளத்தின் "எங்களைப் பற்றி" பக்கத்தில் இருந்து எடுத்தால் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் அந்தப் பக்கத்தை எழுதியவரே உங்கள் கடிதத்தைப் படிக்கக்கூடும்.

முடிந்தால் பள்ளி நாள் ஒன்றில் நேரில் போங்கள். ஒரு பள்ளிக் குழுவைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். பிள்ளைகள் எந்தப் பேழை முன்னால் தானாக நிற்கிறார்கள், எதைத் தாண்டி ஓடுகிறார்கள், விளக்க அட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் போதும், ஒரு நல்ல வாக்கியம் கிடைத்துவிடும். அந்தப் பெண் எழுதியது: "உங்கள் மட்பாண்டக் கூடத்தில் ஒரு பானையின் அடியில் உள்ள விரல் பதிவைப் பார்க்க நான்கு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பானைக்கு முன்னால் 10 நிமிட நிகழ்வு ஒன்றை நடத்த ஆசைப்படுகிறேன்."

அந்தப் பானை பேழையின் கீழ்த்தட்டில் இருந்ததால்தான் பிள்ளைகள் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அதைக் குறையாகச் சொல்லவும் வழி இருந்தது. அவர் சொல்லவில்லை, அது நல்ல முடிவு. இருக்கிற இடத்தை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பவரே உதவியாளராக வேண்டும். காட்சியமைப்பை மாற்றுவது அவர் கையில் இல்லை.

நேரில் போக முடியாத தூரம் என்றால், இணையத்தில் கிடைக்கும் அவர்களுடைய செயல்தாள் ஒன்றைப் பதிவிறக்கி, தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் பிள்ளை நின்றது, எதில் சிரித்தது என்பதை ஒரு வரியில் எழுதலாம்.

பொருள்களைக் கையாளத் தெரியும் என்று எப்படிக் காட்டுவது? "வெள்ளைப் பருத்திக் கையுறையுடன் கையாண்டேன்" என்று எழுதலாமா?

கவனம் தேவை. பருத்திக் கையுறை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது பழைய எண்ணம். அது பிடியை நழுவ வைக்கும், சொரசொரப்பான பரப்பில் இழை மாட்டிக்கொள்ளும். காகிதம், பழைய புத்தகம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கழுவி நன்றாக உலர்த்திய வெறும் கையே நல்லது என்கிறார்கள். உலோகம் என்றால் வியர்வையில் உள்ள உப்பு அரிக்கும், அதனால் நைட்ரைல் கையுறை போடுவார்கள். ஆகவே "கையுறை" என்று எழுதினால் எந்தப் பொருளுக்கு என்பதும் சேர்ந்து வர வேண்டும்.

கல்விப் பிரிவில் இன்னும் முக்கியமானது, பிள்ளைகள் கையாளும்போது பொருள் பிழைக்குமா என்பது. மேஜை மேல் மெத்தென்ற விரிப்பு, பொருளை மேஜைக்கு மேலேயே, தாழ்வாகப் பிடிப்பது, இரண்டு கைகளால் பிடிப்பது, கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்காமல் இருப்பது, கையில் இருந்து கைக்கு மாற்றாமல் மேஜையில் வைத்த பிறகு அடுத்தவர் எடுப்பது. "ஒருவர் கீழே வைத்த பிறகே அடுத்தவர் எடுக்க வேண்டும் என்ற ஒரே விதியை மட்டும் சொன்னேன், நான்கு குழுக்களிலும் ஒன்றும் விழவில்லை" என்று அவர் எழுதிய வாக்கியம் என்னைப் பொறுத்தவரை எந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கும் குறைந்ததில்லை.

வார இறுதியில் கடையில் வேலை பார்த்ததை எழுதினால் மதிப்புக் குறையுமா?

குறையாது, கூடும். பொருள்களை எண்ணிச் சரிபார்ப்பவர் என்று முன்னால் சொன்ன அந்த இரண்டாவது பக்கத்துக்கு இதுதான் சான்று. அந்தப் பெண் எழுதியது:

"இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளில் ஓர் எழுதுபொருள் கடையில் வேலை பார்த்தேன். கடையை மூடும் முன் இருப்பை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுவது என் பொறுப்பு. திறந்த நாளன்றும் ஒவ்வொரு குழு போனதும் வில்லைகளை எண்ணிய பிறகே அடுத்த குழுவை அழைத்தேன்."

பழக்கம் கடையில் வந்தது, மேஜையில் பயன்பட்டது. அந்த இணைப்பை நீங்களே போட்டுக் காட்ட வேண்டும். படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

விளம்பரத்தில் கேட்ட தகுதிகளில் ஒன்று என்னிடம் இல்லை. விண்ணப்பிக்கலாமா?

எந்தப் பட்டியலில் அது இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் கட்டாயத் தகுதி, இருந்தால் நல்லது என்று இரண்டு பட்டியல் இருக்கும். இரண்டாவதில் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். கட்டாயப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போடுவார்கள். கடிதத்தில் இல்லாததற்கு ஊகித்து மதிப்பெண் தர முடியாது. அதனால் எழுதி முடித்ததும் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தகுதிக்கும் எந்த வாக்கியம் பதில் சொல்கிறது என்று பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு போகாத வரிக்கு ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகளோடு வேலை செய்வதால் பின்னணிச் சரிபார்ப்பு கேட்கும் இடங்கள் உண்டு. அதற்கு ஒத்துழைப்பீர்கள் என்று ஒரு வரி போதும்.

எவ்வளவு நீளம்? யாருக்கு என்று எழுதுவது?

ஒரு பக்கம். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் "மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு". கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கட்டும். தனியாகக் கடிதம் வேண்டாம், படிவத்தில் உள்ள பெட்டியை நிரப்பினால் போதும் என்று சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள்.

கடைசிப் பத்தியில் என்ன எழுதுவது? "வாய்ப்பளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன்" என்று முடிக்கிறார்களே?

கடமைப்பாடு வேண்டாம். எப்போதிலிருந்து வேலைக்கு வர முடியும், வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் வர முடியுமா என்று சொல்லுங்கள். குடும்பங்கள் வருவது அந்த நாள்களில்தான், அதனால் அது எங்களுக்கு உண்மையிலேயே தேவையான தகவல். "அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, வார இறுதி உட்பட வர முடியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

கடிதத்தில் எழுதியதை நேர்காணலில் எப்படிக் கேட்பார்கள்?

சம்பவத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று மேலே சொன்னேன். பல இடங்களில் ஒரு பொருளைக் கொடுத்து, எதிரில் இருப்பவர்களைப் பிள்ளைகளாக நினைத்து 10 நிமிடம் நடத்திக் காட்டச் சொல்வதும் உண்டு. கடிதத்தில் உள்ள மேஜையை உண்மையாக நடத்தியவருக்கு இது புதிதாக இருக்காது.

அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது, பிறகு அவரே சொன்னார். "சிறுமி சரியாகச் சொன்னாள். பொத்தான் என்று சொன்ன பிள்ளையை என்ன செய்தீர்கள்?" அவர் கடிதத்தில் அதை எழுதவில்லை, ஆனால் நடந்தது நினைவில் இருந்தது. பொத்தான் என்று சொன்ன பையனிடம் ஒரு பொத்தானைக் காட்டி, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறார். பொத்தானில் நான்கு ஓட்டை, இதில் ஒன்றுதான், இது ரொம்ப கனம் என்று அவன் சொல்லியிருக்கிறான். கனமாக இருப்பதால்தான் சுற்றிக்கொண்டே இருக்கும் என்ற அடுத்த படிக்கு அந்தப் பையன்தான் மற்ற ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனான்.